மாரி மழைக்கு ஒரு புத்தகப் பை: தர வீடு போட்டுப் பார்த்த அனுபவம்

“நல்ல பை” என்று எழுதித் தையல் மேசைக்கு அனுப்ப முடியாது. மேசையில் இருப்பவருக்கு மில்லிமீற்றரும் கிலோவும் வேண்டும். வாங்க வரும் தாய்க்கோ பிள்ளையின் கொப்பி நனையாமல் இருந்தால் போதும். கிளிநொச்சிப் பக்கத்தில் நாங்கள் நடத்தும் சிறிய தையலகத்தில் பாடசாலைப் பைக்குப் புதிய வடிவம் தேடியபோது, இந்த இரண்டு பேச்சுகளையும் ஒரே தாளில் சந்திக்க வைக்கும் தர வீடு என்ற முறையைக் கையில் எடுத்தோம். யோஜி அகாவோ முதலிய ஜப்பானியர்கள் 1960களில் வளர்த்த சிந்தனை இது. 1972இல் கோபே நகரின் மிட்சுபிஷி கப்பல் தளத்தில் அட்டவணையாக உருப்பெற்றது. கப்பலுக்குப் போட்ட கணக்கு புத்தகப் பைக்கும் அப்படியே பொருந்துகிறது.

தாளின் இடப்பக்கத்தில் வாடிக்கையாளர் கேட்பவை வரிசையாக வரும். மேலே, நாங்கள் அளக்கக்கூடியவை நிரல்களாக நிற்கும். இரண்டும் சந்திக்கும் கட்டங்களில் உறவின் வலிமையை 9, 3, 1 என்று இடுவோம். உறவில்லாவிட்டால் கட்டம் வெறுமையாகவே இருக்கும். நிரல்களுக்கு மேல் முக்கோணமாக ஒரு கூரை உண்டு. ஓர் அளவைக் கூட்டினால் இன்னொன்று கெடுமா என்பதை அங்கே குறிப்போம்.

இடப்பக்கத்தை நிரப்புவதுதான் பெரிய வேலை. மல்லாவியில் ஒரு தாய், “பைக்குள் போட ஒரு பொலித்தீன் உறையும் சேர்த்துத் தாருங்கள் தம்பி” என்றார். அதை அப்படியே எழுதிக்கொண்டால் பொலித்தீன் உறை விற்கும் கடையாகிவிடுவோம். அவர் சொன்னது ஒரு தீர்வு. தேவை அதற்குப் பின்னால் இருந்தது. எந்தக் கொப்பி நனைந்தது, எந்தப் பக்கம் நனைந்தது என்று கேட்டோம். கொப்பிகளை எடுத்து வந்து காட்டினார். எல்லாவற்றிலும் கீழ் விளிம்பு மட்டும் ஊதி, மை பரவியிருந்தது. மேல் பகுதி காய்ந்தபடியே இருந்தது.

மழை மேலிருந்து பெய்கிறது, கொப்பியோ கீழிருந்து நனைந்திருக்கிறது. காரணம் சைக்கிள். பிள்ளை பையைக் கரியரில் வைத்துக் கட்டிக்கொண்டு கிரவல் வீதியில் போகிறது. மட்காட் இல்லாத பின்சில்லு குழித் தண்ணீரை நேராகப் பையின் அடிக்கு வாரியடிக்கிறது. அதனால் “மழையில் நனையக் கூடாது” என்ற வரியை அழித்து, “சைக்கிளில் போகும்போது அடியிலிருந்து தண்ணீர் ஏறக் கூடாது” என்று எழுதினோம். அந்த ஒரு வரி முழு வீட்டின் போக்கையும் மாற்றியது.

எது எவ்வளவு முக்கியம் என்று நேரே கேட்டால், எல்லாமே முக்கியம் என்றுதான் எவரும் சொல்வார்கள். ஆகவே தேவைகளை அட்டைகளில் எழுதி விரித்து, எண்ணி எடுத்த புளியங்கொட்டைகளைக் கையில் கொடுத்து, பிரித்து வைக்கச் சொன்னோம். ஓர் அட்டையில் கூட வைத்தால் இன்னோர் அட்டையில் குறைக்க வேண்டும். அப்போதுதான் மனத்தில் இருப்பது வெளியே வருகிறது. தண்ணீர் ஏறாமை, தோள்பட்டி பிய்யாமை இரண்டுக்கும் 5 வந்தது. தூசியில் ஸிப் இறுகாமைக்கு 4, தோள் நோகாமைக்கு 3, வெறும் பையின் பாரத்துக்கு 2.

மேல் நிரல்களில் பொருளின் பெயரை எழுதக் கூடாது என்பதில் பிடிவாதமாக நின்றோம். “தடித்த துணி” ஒரு தீர்வு; “துணி தாங்கும் நீர் அழுத்தம்” ஓர் அளவு. “இரட்டைத் தையல்” ஒரு தீர்வு. “பட்டி பிய்யும் இழுவிசை” ஓர் அளவு.

உறவு எண்களை மேசையில் உட்கார்ந்து ஊகிக்காமல் சோதித்து இட்டோம். காய்ந்த செய்தித்தாளைச் சமையல் தராசில் நிறுத்துப் பைக்குள் வைத்து, பத்து நிமிடம் அடியில் தண்ணீர் தெளித்து, மறுபடி நிறுத்தோம். ஏறிய கிராம்தான் கசிவு. தாளை விரித்தபோது ஈரம் அடித் தையலோடு ஒரு கோடாக ஓடியிருந்தது. நடுத்துணி பட்ட இடம் உலர்ந்திருந்தது. பூச்சு போட்ட பொலியெஸ்டர் துணி தண்ணீரை விடவில்லை. ஊசி போட்ட ஓட்டைகள் விட்டன. எனவே இந்த வரியில் துணியின் நீர் அழுத்தத்துக்கு 3, தையல் கசிவுக்கு 9. முக்கியத்துவம் 5ஆல் பெருக்கினால் 15உம் 45உம். விலை கூடிய துணிக்குப் போகவிருந்த பணம் இந்த இரண்டு எண்களால் நின்றது.

இந்த எண்களை அளவுக்கு மீறி நம்பவும் கூடாது. 9, 3, 1 என்பவை வரிசை காட்டும் குறிகள்தான். 45க்கும் 15க்கும் உள்ள இடைவெளியில் பொருள் உண்டு. 45க்கும் 41க்கும் சண்டை பிடிப்பதில் பயனில்லை. எண்களைக் காட்டிலும் வெற்றுக் கட்டங்கள் கூடச் சொல்லும். ஒரு வரி முழுவதும் வெறுமையாக இருந்தால் அந்தத் தேவையை நாம் அளக்கவே இல்லை. ஒரு நிரல் வெறுமையாக இருந்தால் எவரும் கேட்காத ஒன்றுக்குச் செலவழிக்கிறோம்.

பட்டி விடயத்தில்தான் கூரை தன் வேலையைக் காட்டியது. சந்தையில் வாங்கிய பைகளையும் எங்கள் பழைய பையையும் தொங்கு தராசில் மாட்டி, பட்டி பிய்யும்வரை இழுத்தோம். எங்களுடையது 22 கிலோவில் பிய்ந்தது. சந்தைப் பைகளில் சிறந்தது 27 வரை நின்றது. பிய்ந்த இடத்தை உற்றுப் பார்த்தோம். நூல் ஒன்றுகூட அறவில்லை. அங்குலத்துக்குப் பன்னிரண்டு என்று நெருக்கிப் போட்ட தையல், தபால் முத்திரையின் ஓரம்போலத் துணியில் துளை வரிசையாகி, அந்த வரிசையில் துணியே கிழிந்திருந்தது. எங்கள் மூத்த தையல்காரி அக்கா, இன்னும் இரண்டு ஓட்டம் தைத்தால் நிற்கும் என்றுதான் முதலில் நினைத்தார். கிழிந்த துண்டைக் கையில் எடுத்துப் பார்த்ததும், “ஊசியே வெட்டியிருக்கிறது” என்றார்.

ஆக, தையலைக் கூட்டினால் துணி பலவீனமாகும், கசிவும் கூடும். கூரையில் தையல் அடர்த்திக்கும் கசிவுக்கும் இடையிலும், தையல் அடர்த்திக்கும் இழுவிசைக்கும் இடையிலும் எதிர்க்குறி விழுந்தது. இப்படிப்பட்ட இடத்தில் நடுவில் ஓர் எண்ணைப் பிடித்துச் சமாளித்தால் இரண்டு பக்கமும் அரைகுறையாகும். வடிவத்தையே மாற்ற வேண்டும். பட்டியின் வேரை உட்புறம் ஒரு நாடாத்துண்டோடு சேர்த்து, பெட்டி வடிவத் தையலுக்குள் பெருக்கல் குறியாகத் தைத்தோம். அடர்த்தியை அங்குலத்துக்கு எட்டாகக் குறைத்தோம். பாரம் ஒரு கோட்டில் நிற்காமல் பரப்பில் பரவியது. 34 கிலோவரை நின்றது.

அடிப்பகுதியில் தையலையே இடம் மாற்றினோம். அடித்துணியைத் தட்டுப்போல் நான்கு பக்கமும் ஐந்து சென்ரிமீற்றர் மேலே மடித்து, தையலைப் பக்கவாட்டுக்கு ஏற்றினோம். சில்லு வாரியடிக்கும் இடத்தில் இப்போது ஊசித்துளை இல்லை. முன்பு 90 கிராம் ஏறிய தாளில் 12 கிராம்தான் ஏறியது. பாரம் 30 கிராம் கூடியது. பாரத்துக்கு மக்கள் வைத்த புளியங்கொட்டைகள் குறைவு என்பதால் அதை ஏற்றுக்கொண்டோம்.

வெட்டு மேசைக்கு மேல் இப்போது தொங்கும் அட்டையில், பட்டி இழுவிசை 30 கிலோவுக்குக் குறையக் கூடாது, அடிக் கசிவு 20 கிராமைத் தாண்டக் கூடாது, வெறும் பை 650 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு பையை எடுத்து இழுத்தும் நனைத்தும் பார்க்கிறோம். ஸிப் நிரலுக்கு எதிரே இலக்கு எண் இன்னும் எழுதப்படவில்லை. கிரவல் தூசியைத் தூவி, எத்தனை தடவை திறந்து மூடினால் இறுகுகிறது என்று ஐந்தாம் இலக்க ஸிப்பிலும் எட்டாம் இலக்க ஸிப்பிலும் எண்ணிக்கொண்டிருக்கிறோம்.