முள் எந்தப் பக்கம் நின்றது?

கப்பலூர் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் சேர்ந்த புதிது. ஸ்டீல் புஷ் ஒன்றுக்கு லேத்தில் போரிங் போட்டுக்கொண்டிருந்தேன். அளவு 40 H7, அதாவது துளையின் விட்டம் 40.000 மில்லிக்கும் 40.025 மில்லிக்கும் நடுவில் இருக்க வேண்டும். துளையின் உள்விட்டத்தை அளக்கும் போர் கேஜின் டயலில் ஒரு கோடு ஒரு மைக்ரான், அதாவது மில்லியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கேஜுக்கு ஜீரோ வைக்கப் பயன்படும் மாஸ்டர் ரிங் என்ற வளையத்தில் பொறித்திருந்த அளவு 40.003. ரிங்கில் ஜீரோ வைத்துவிட்டுத் துளைக்குள் விட்டேன். முள் ஜீரோவுக்கு வராமல், 12 கோடு முன்னாலேயே நின்று திரும்பியது. ஜீரோவை எட்டவில்லையே, அப்போ அளவு குறைவு என்று எடுத்துக்கொண்டேன். 39.991 என்று நோட்டில் எழுதி, விட்டத்தில் இன்னும் 20 மைக்ரான் எடுத்தேன்.

மறுபடி அளந்தால் 32 கோடு முன்னாலேயே நிற்கிறது. என் கணக்குப்படி வெட்ட வெட்டத் துளை சுருங்குகிறது! அப்போதுதான் தப்பு உறைத்தது. முதலில் இருந்தது 40.015, நல்ல ஜாப். இப்போது 40.035, ரிஜெக்ட்.

பக்கத்து மெஷினில் இருந்த அண்ணன் கேஜை என் கையில் கொடுத்து, "முனையை விரலால் அமுக்கிப் பாருடா தம்பி" என்றார். முள் வலப்பக்கமாக ஓடியது. "சின்ன ஓட்டைக்குள்ள போனாலும் முனை இப்படித்தான் அமுங்கும்." அதாவது முள் ஜீரோவைத் தாண்டி வலப்பக்கம் போனால் துளை சிறியது, ஜீரோவுக்கு முன்னாலேயே திரும்பினால் பெரியது. அன்றிலிருந்து ஒவ்வொரு தடவையும் முனையை அமுக்கிப் பார்த்துவிட்டுத்தான் படிக்கிறேன்.

அடுத்து, ஜீரோ வைக்கும் முறை. முதலில் கேஜின் முனைகள் ரிங்கைவிட கால் மில்லி அளவுக்குப் பெரிதாக விரிந்திருக்கும்படி ஆன்வில் என்ற மாற்று முனையைப் போட வேண்டும். கேஜைச் சாய்த்து, துளையின் நடுவில் அதை நிறுத்தும் பாலம் இருக்கும் பக்கத்தை அமுக்கியபடி உள்ளே விட்டு நிமிர்த்த வேண்டும். பிறகு கைப்பிடியை முன்னும் பின்னும் மெதுவாக ஆட்டினால், முள் வலப்பக்கம் ஏறி, ஓர் இடத்தில் நின்று, திரும்பி இறங்கும். கேஜ் சாய்ந்திருக்கும்போது துளையைக் குறுக்காக அளப்பதால் தூரம் கூடுதலாக இருக்கும். நேராக நிற்கும்போதுதான் மிகக் குறைவு. அதனால் திரும்பும் அந்த இடம்தான் உண்மையான விட்டம். டயலைச் சுற்றி ஜீரோவை அங்கே கொண்டுவந்து பூட்டி, மூன்று நான்கு முறை ஆட்டிப் பார்ப்பேன். ஒவ்வொரு முறையும் முள் அங்கேயே திரும்பவில்லை என்றால் பெரும்பாலும் முனையில் தூசியோ எண்ணெயோ இருக்கும், அல்லது ஆன்வில் தளர்ந்திருக்கும். துளையிலும் இதே ஆட்டம்தான். மேலே, நடுவில், கீழே என்று மூன்று இடத்திலும், கேஜைக் கால் சுற்றுத் திருப்பி மறுபடியும் பார்ப்பேன்.

சூட்டையும் மறக்கக் கூடாது. போரிங் முடிந்த கையோடு அளந்தால் துளை பெரிதாகக் காட்டும். ரிங்கைவிட ஜாப் 10 டிகிரி சூடாக இருந்தாலே 40 மில்லி ஸ்டீல் துளையில் நாலரை மைக்ரான் கூடிவிடும். அதனால் புஷ்ஷையும் ரிங்கையும் ஒரே மேஜையில் ஒரு மணி நேரம் வைத்துவிட்டுத்தான் கடைசி அளவு எடுக்கிறேன். அளந்து முடித்ததும் கேஜை மறுபடி ரிங்கில் விட்டு, ஜீரோ நகரவில்லை என்று பார்த்த பிறகுதான் அளவை நோட்டில் எழுதுவேன்.