அந்தப் படத்துக்கு நான் அனுப்பிய பதில்

தெரிந்த தம்பி ஒருவனிடமிருந்து இரவு 11:42-க்கு வந்தது. ஒரு ஸ்கிரீன்ஷாட், அவ்வளவுதான். மேலே 'அண்ணா' என்று ஒரு சொல் இல்லை, கீழே ஒரு கேள்வி இல்லை. ஷேர் வாங்கி விற்கும் ஆப்பின் பக்கம், ஏழு வரிகளில் ஆறு சிவப்பு. அந்தப் பக்கத்தில் ஒரு கண் சின்னம் இருக்கும். அதைத் தட்டினால் தொகைகள் மறைந்துவிடும். அவன் தட்டவில்லை. அது என் கண்ணில் பட்டதே பல நாள் கழித்துத்தான்.

அன்று நான் பார்த்தது வேறு. பெரிய நஷ்டம் காட்டிய பங்கின் பெயருக்குப் பக்கத்தில், கடனில் வாங்கியது என்பதற்கான சின்னக் குறி. புரோக்கர் அலுவலகத்தில், பங்கு வாங்கக் கொடுத்த கடனைக் கவனிக்கும் மார்ஜின் பிரிவில் இத்தனை வருடம் உட்கார்ந்தவனுக்குக் கண் தானாக அங்கேதான் போகும். இரண்டே நிமிடத்தில் எழுதினேன்: "தம்பி, இது கடன்ல வாங்கினதா? சொந்தப் பணம் எவ்வளவு?"

"கால்வாசி அண்ணா" என்றான்.

அந்த ஒரு வார்த்தை போதும், மீதிக் கணக்கு எனக்குத் தெரியும். சொந்தப் பணம் 100 என்று வைத்துக்கொண்டால், புரோக்கர் கொடுத்த கடன் 300, ஆக 400-க்கு வாங்கியிருக்கிறான். ஆப் காட்டிய நஷ்டம் 15 சதவீதம். அது வாங்கிய மொத்த விலைக்கான சதவீதம். பங்கின் மதிப்பு 340 ஆகிவிட்டது, கடன் 300 அப்படியே இருக்கிறது, வட்டி தனி. அவன் கையில் மிச்சம் 40. திரையில் 15 என்று தெரிவது அவன் பணத்தில் 60 சதவீதம்.

இன்றைய மதிப்பில் கால்பங்கு அவனுடையதாக இருக்க வேண்டும் என்பது அவன் புரோக்கரின் விதி. அப்படியென்றால் 85 வேண்டும், இருப்பது 40. பற்றாக்குறை 45. மாலையே நோட்டீஸ் வந்திருக்கும். காலைக்குள் பணம் கட்டாவிட்டால் அவர்களே விற்பார்கள், அதுவும் கொஞ்சநஞ்சமல்ல. 40 என்பது கால்பங்காக நிற்க வேண்டுமென்றால் 160-க்குத்தான் பங்கு வைத்திருக்க முடியும். மீதி 180-க்கு விற்றாக வேண்டும். அதன் பிறகு விட்டதைப் பிடிக்க, கையிலிருக்கும் பங்கு 37 சதவீதத்துக்கு மேல் ஏற வேண்டும். விற்காமல் இருந்திருந்தால் 18 சதவீதம் போதும்.

இதையெல்லாம் வரிசையாகத் தட்டி அனுப்பினேன். முழுப் பணத்தில் வாங்கிய பங்கென்றால் காத்திருக்கலாம், யாரும் கதவைத் தட்ட மாட்டார்கள். இதில் காலை மணி அடித்ததும் ஆள் வந்துவிடும். ஆறுதல் சொல்லிக்கொண்டிருக்க அப்போது நேரமில்லை என்று நினைத்தேன். இப்போதும் பாதி அப்படித்தான் நினைக்கிறேன்.

அவன் ஒரு வரிதான் திருப்பி எழுதினான்: "வித்துடட்டுமாண்ணா?"

"அத நான் சொல்ல முடியாதுப்பா. பத்தாததுக்குப் புதுசா கடன் மட்டும் வாங்கிப் போடாத."

இந்த இரண்டு வாக்கியங்களைத்தான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். முதல் வாக்கியத்துக்குக் காரணம் உண்டு. எதை வாங்கு, எதை விற்று வெளியே வா என்று சொல்வது உரிமம் உள்ளவர்கள் செய்கிற வேலை, என் வேலை கணக்குப் பார்ப்பது. அதைவிட, அவன் குடும்பத்துக்கு மாதம் எவ்வளவு தேவை, வேறு சேமிப்பு உண்டா, எதுவும் எனக்குத் தெரியாது. படம் அதைக் காட்டாது. ஆனால் கையில் பணம் இல்லாதவனிடம் புதுக்கடன் வேண்டாம் என்றால், விற்றுவிடு என்பதைத்தானே வேறு வார்த்தையில் சொன்னேன்? பெயரளவில் விலகி நின்றுகொண்டு முடிவை நானே எடுத்துக் கொடுத்துவிட்டேனோ என்று தோன்றுகிறது. அப்புறம், சொல்லாமல் இருந்து அவன் எங்கேயாவது வட்டிக்கு வாங்கியிருந்தால் என்ற எண்ணமும் கூடவே வருகிறது.

காலையில் அவனே விற்றான். கொஞ்ச நாளில் அந்தப் பங்கு ஓரளவு மீண்டது. அவன் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பிறகு ஒருமுறை நேரில் பார்த்தபோது நானே பேச்செடுத்தேன். "கணக்கு எனக்குத் தெரியும்ணா. சாயந்திரத்திலேர்ந்து அதையேதான் போட்டுக்கிட்டிருந்தேன். வீட்ல யாருக்கும் தெரியாது. யாராவது ஒருத்தர் பாத்தா போதும்னு இருந்துச்சு" என்றான். குரலில் குற்றச்சாட்டு இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. தொகையை மறைக்காமல் அவன் அனுப்பியது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

'பார்த்தேன்' என்று முதலில் எழுதியிருக்கலாம். போன் செய்திருக்கலாம். கணக்கைப் பத்து நிமிடம் கழித்துச் சொல்லியிருந்தால் சந்தை ஒன்றும் ஓடிப்போயிருக்காது, திறக்க இன்னும் ஒரு இரவு இருந்தது.

போன மாதம் வேறொருவரிடமிருந்து இதேபோல் ஒரு படம் வந்தது, சொல் எதுவும் இல்லாமல். "பார்த்தேன். தூங்கலையா?" என்று எழுதினேன். பதில் வரும்வரை அந்தப் படத்தைப் பெரிதாக்கி, பெயருக்குப் பக்கத்தில் அந்தக் குறி இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தேன்.