வேகாததா, அதிகமாக வெந்ததா?

ஜூன் 7
அச்சைக் கவிழ்த்ததும் கேரமல் கஸ்டர்ட் உடையாமல்தான் தட்டில் விழுந்தது. ஆனால் பக்கமெல்லாம் பொத்தல், பழைய பஞ்சு மாதிரி. கேரமல் பாகோடு வெளிறிய மஞ்சள் தண்ணீரும் தட்டில் ஓடியது. வெட்டி வைத்த துண்டிலிருந்து அரை மணி கழித்தும் கசிந்தது. "சரியா வேகலை போல" என்றார் அத்தை. அடுத்த முறை இன்னும் கால் மணி வைக்கலாம் என்று நானும் நினைத்தேன்.

ஜூன் 10
அது தப்பு. வேகாத கஸ்டர்ட் கவிழ்த்தால் சரிந்துபோகும், பொத்தலோடு நிமிர்ந்து நிற்காது. முட்டையின் புரதம் ஏறத்தாழ 80 முதல் 85 டிகிரிக்குள் பால் முழுவதையும் வலைபோல் பிடித்துக்கொள்கிறது. அதைத் தாண்டினால் வலை இறுகி, ஈரத்துணியைப் பிழிந்த மாதிரி நீரைக் கக்குகிறது. சூடான பாத்திரத்தை ஒட்டிய பகுதி கொதிநிலையை நெருங்கும்போது அங்கே பொத்தல் விழுகிறது. நான் ஓவனில் 180 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்திருந்தேன், அதுவும் தண்ணீர்த் தட்டு இல்லாமல்!

ஜூன் 14
அரை லிட்டர் பால், 4 முட்டை, 90 கிராம் சர்க்கரை. பெரிய தட்டில் மடித்த துணி, அதன்மேல் அச்சு, பாதி உயரத்துக்கு வெந்நீர், 150 டிகிரி. துணி இல்லாவிட்டால் அடிப்பக்கம் நேராகச் சூடு வாங்கும். பக்கம் வழுவழுவென்று வந்தது, தண்ணீரும் இல்லை. ஆனால் வெட்டிப் பார்த்தால் அடியில் குண்டூசித் தலை அளவில் குமிழிகள். அச்சில் மேலே மிதந்த நுரை, கவிழ்த்ததும் அடிக்குப் போயிருக்கிறது. விஸ்க்கை வைத்து ஆம்லெட்டுக்கு அடிப்பதுபோல் அடித்ததன் பலன். பக்கத்தில் பொத்தல் என்றால் சூடு, அடியில் குமிழி என்றால் நுரை. இரண்டும் வேறு வேறு வியாதி.

ஜூன் 21
முள்கரண்டியைத் தூக்காமல் கலக்கினேன். வெதுவெதுப்பான பாலை மெல்ல ஊற்றி, வடிகட்டி, 20 நிமிடம் விட்டு, மேலே வந்த நுரையைக் கரண்டியால் எடுத்துவிட்டேன். மேலே அலுமினியத் தாள். 45 நிமிடத்தில் அச்சை லேசாக ஆட்டினால் ஓரம் அசையவில்லை, நடுவில் மட்டும் ஜெல்லி போல் தளும்பியது. வெப்பமானி 82 காட்டியது. அச்சை உடனே வெந்நீரிலிருந்து எடுத்துவிட்டேன், இல்லையென்றால் அதிலேயே வெந்துகொண்டிருக்கும். ஆறியதும் ஃபிரிட்ஜில். இராத்திரி முழுக்க இருந்தால்தான் கெட்டியான கேரமல் கரைந்து பாகாகும்.

ஜூன் 22
ஓரத்தில் மெல்லிய கத்தியை ஓட்டி, அச்சின் அடியை அரை நிமிடம் வெந்நீரில் வைத்து, சற்றுச் சாய்த்தேன். உள்ளே காற்று புகுந்ததும் 'தொப்'பென்று விழுந்தது. சுற்றிலும் பழுப்புப் பாகு மட்டும்தான். கால் மணி காத்திருந்தும் வெளிறிய தண்ணீர் வரவில்லை. அச்சின் அடியில் ஒட்டியிருந்த கேரமலை அத்தை சுரண்டிச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.