ஓடும் கேமராவில் சேனல் லோகோவை நீக்கிப் பார்த்தது

பழைய சைக்கிள் பந்தய வீடியோவிலிருந்து ஒரு ஃப்ரேமை எடுத்துச் சுத்தம் செய்துகொண்டிருக்கிறேன். அளவு 1280×720. மேல் வலது மூலையில் சிவப்பு லோகோ, அகலம் சுமார் 110 பிக்சல், பின்னால் இருப்பது துளியும் தெரியாத ரகம். கேமரா வலப்பக்கம் நகர்ந்து போகும் நேரம் என்பதால் மரமும் வேலியும் பக்கவாட்டில் இழுபட்டுக் கிடக்கின்றன, லோகோ மட்டும் அசையாமல் கூர்மையாக நிற்கிறது.

GIMP-இல் Heal கருவியை ஓட்டியதும் அந்த இடம் மெழுகு பூசியதுபோல் ஆகிவிட்டது. சுற்றிலும் கம்ப்ரெஷன் இரைச்சல் இருக்க, நடுவில் மட்டும் மழமழப்பு. போதாக்குறைக்கு ஓரத்துச் சிவப்பும் உள்ளே இழுத்துக்கொண்டு வந்தது. அதனால் ஒட்டுவதற்கு நிஜமான பின்னணியையே தேடினேன். கேமரா வலப்பக்கம் போனால் காட்சி இடப்பக்கம் நகரும், எனவே லோகோவுக்குப் பின்னால் மறைந்திருந்த மரங்கள் சற்றுப் பிந்திய ஃப்ரேமில் லோகோவின் இடது பக்கம் வெளியே வந்திருக்கும்.

```
ffmpeg -ss 00:12:41 -i race.mkv -frames:v 12 f_%02d.png
```

JPEG-ஆக எடுத்தால் இரைச்சல் இன்னொரு அடுக்கு சேரும், PNG போதும். ஃப்ரேமுக்கு ஏறக்குறைய 18 பிக்சல் நகர்வு, ஆக 7 ஃப்ரேம் தள்ளினால் 126. லோகோவின் விளிம்பைச் சுற்றி கம்ப்ரெஷன் உண்டாக்கிய அலைகளும் சிவப்புக் கசிவும் சில பிக்சல் வரை பரவியிருக்கும் (நிறம் பாதித் துல்லியத்தில்தான் சேமிக்கப்படுகிறது, அதனால் கசிவு ஒளியைவிட அகலம்), மாஸ்க்கை அதற்கும் சேர்த்துப் பெரிதாக்கினாலும் 126 தாங்கும். கேமரா வேகம் அந்த இடைவெளியில் மாறாததால் மங்கலின் நீளமும் ஒத்துப்போனது. வேகம் மாறியிருந்தால் ஒட்டுத்துண்டு தனியாகத் தெரிந்திருக்கும்.

பொருத்தும்போதுதான் விஷயமே இருக்கிறது. பக்கவாட்டு மங்கல் செங்குத்துக் கோடுகளைத்தான் கரைக்கும், வேலியின் படுக்கைக் கம்பிகளை அப்படியே விட்டுவிடும். ஆகவே இடம் வலமாக 2 பிக்சல் பிசகினாலும் கண்ணுக்குப் படவில்லை, மேல் கீழாக ஒரே பிக்சல் பிசகினால் கம்பி முறிந்து தெரிகிறது. மேல் லேயரை Difference-இல் வைத்து, மாஸ்க்குக்கு வெளியே உள்ள பகுதி கருப்பாகும்வரை நகர்த்தினேன். மாஸ்க்கின் ஓரத்தை மென்மையாக்குவதிலும் அதே கணக்குதான்: இடது, வலது ஓரங்களில் 8 பிக்சல் வரை தாராளமாகக் கரைக்கலாம், மேலும் கீழும் 2-ஐத் தாண்டினால் கம்பி இரட்டையாகிவிடும்.

இரைச்சலுக்கு நான் எதுவும் சேர்க்கவில்லை, ஒட்டிய துண்டே அதே வீடியோவின் இரைச்சலோடு வந்துவிட்டது. ஆனால் ஒரே வீடியோவில் எல்லா ஃப்ரேமும் ஒரே தரத்தில் இருக்காது. 7-வது கொஞ்சம் குழைந்திருந்ததால் 8-வதை எடுத்தேன், அது நன்றாகவே பொருந்தியது.

அடங்காதது ஒரு விளக்குக் கம்பம் மட்டும். கேமராவுக்குப் பக்கத்தில் நிற்பதால் மரங்களைவிட வேகமாக நகர்ந்து, ஒட்டில் பாதி இங்கே, பாதி அங்கே என்று நின்றது. லோகோவுக்குக் கீழே தெரியும் அதே கம்பத்தின் துண்டை Clone-இல் நேர் மேலாக இழுத்து மூடினேன். 200 சதவீதத்தில் பார்த்தால் ஒரே புள்ளி வடிவம் இரண்டு முறை வருவது தெரிகிறது, சாதாரண அளவில் இல்லை.