அல்சூர் டீக்கடைச் சத்தத்தில் பாட்டைப் பிடித்தல்: பொருத்தத்தை எண்ணினால் போதாது

40 பாட்டு, ஒரு லேப்டாப், பெங்களூரு அல்சூரில் பஸ் போகிற தெருவோரத்து டீக்கடையில் போனில் எடுத்த 10 விநாடிப் பதிவுகள். ஒலிக்கும் பாட்டைக் கேட்டு அது எதுவென்று சொல்லும் செயலியான ஷஸாமின் ஏவரி வாங் 2003இல் வெளியிட்ட முறையைத்தான் பைத்தானில் எழுதிப் பார்க்கிறோம். உச்சப்புள்ளி எடுப்பது போன தடவையே முடிந்தது. ஆனாலும் விடை தப்பாகவே வந்துகொண்டிருந்தது. காரணம் இப்போது பிடிபட்டிருக்கிறது.

முதலில் அமைப்பு. ஒலியை 11025 ஹெர்ட்ஸ் மோனோவாக மாற்றி, 1024 சாம்பிள் ஜன்னலை 512 சாம்பிள் தள்ளித் தள்ளி எஃப்எஃப்டி எடுத்து, எந்த நேரத்தில் எந்த அதிர்வெண் எவ்வளவு உரக்க ஒலிக்கிறது என்று காட்டும் படமாக்குகிறோம். ஒரு ஃப்ரேம் சுமார் 46 மில்லிவிநாடி நகரும். அதிர்வெண் கட்டம் ஒன்று சுமார் 10.8 ஹெர்ட்ஸ். இந்தப் படத்தில் அக்கம்பக்கத்தைவிட உரத்து நிற்கும் புள்ளிகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் தூக்கிப் போடுகிறோம். விநாடிக்கு 20 புள்ளி கிடைக்கும்படி வைத்தால் சரியாக இருக்கிறது. "இத்தனை டெசிபலுக்கு மேல்" என்று நிலையான அளவு வைத்தால் பஸ் கடக்கும்போது புள்ளிகள் குவியும், மெல்லிய வீணை இடத்தில் ஒன்றும் இருக்காது.

தனிப்புள்ளி எந்தப் பாட்டிலும் இருக்கும். அதனால் ஒவ்வொரு புள்ளியையும் அதற்குப் பின்னால் வரும் 5 புள்ளிகளோடு ஜோடி சேர்க்கிறோம்: முதல் அதிர்வெண், இரண்டாம் அதிர்வெண், இடையில் எத்தனை ஃப்ரேம்.

```python
h = (f1 << 15) | (f2 << 6) | dt
```

மூன்றும் முறையே 9, 9, 6 பிட் எடுத்து ஒரே எண்ணாகின்றன; அந்த எண்தான் ஹாஷ். 10 விநாடிக்கு சுமார் 1000 ஹாஷ். 4 நிமிடப் பாட்டுக்கு 24,000.

இரைச்சல் புதுப்புள்ளிகளைச் சேர்க்கும், சிலதை மூடிவிடும். தப்பித்த புள்ளியைப் பெரும்பாலும் இடம் மாற்றாது. 10 புள்ளியில் 3 தப்பித்தால், ஒரு ஜோடியில் இரண்டும் தப்பிக்க வாய்ப்பு 0.3 × 0.3, அதாவது 9 சதவீதம். 1000 ஹாஷில் 90தான். அதுவே தாராளம்.

தப்பு எங்கே நடந்தது என்றால், எந்தப் பாட்டில் அதிக ஹாஷ் பொருந்துகிறதோ அதுதான் விடை என்று எடுத்துக்கொண்டதில். ஒரு சினிமாப் பாட்டின் பதிவுக்குச் சரியான பாட்டில் 61 பொருத்தம். ஆனால் சுருதிப்பெட்டி விடாமல் ஒலிக்கும் ஒரு பக்திப் பாட்டில் 140! சுருதியின் அதே ஜோடி அந்தப் பாட்டு முழுக்கத் திரும்பத் திரும்ப வருகிறது. பதிவின் ஒரு ஹாஷ் தற்செயலாக அதில் விழுந்தால் போதும், ஒரே அடியில் 40 பொருத்தம் சேர்ந்துவிடும்.

பார்க்க வேண்டியது நேர வித்தியாசம். பதிவில் 12ஆம் ஃப்ரேமில் இருந்த ஹாஷ் பாட்டில் 1300இல் இருக்கிறது. 90இல் இருந்தது 1378இல். இரண்டிலும் வித்தியாசம் அதே 1288. உண்மையான பாட்டென்றால் எல்லாப் பொருத்தமும் இதே எண்ணைத்தான் சொல்லும். தற்செயல் பொருத்தங்கள் ஆளுக்கொரு எண்ணைச் சொல்லிச் சிதறும்.

```python
votes = Counter()
for h, t in query:
    for song, T in db.get(h, []):
        votes[(song, T - t)] += 1
```

இப்படி எண்ணியதும் சினிமாப் பாட்டின் 61இல் 34 ஓட்டு ஒரே இடத்தில், 1288இல். பக்திப் பாட்டின் 140 சிதறிப்போய், எந்த ஒரு வித்தியாசத்துக்கும் 3க்கு மேல் இல்லை. 1288 ஃப்ரேம் என்றால் சுமார் 60 விநாடி. டீக்கடையில் பதிவு தொடங்கியபோது பாட்டு எந்த இடத்தில் ஓடியது என்பதும் கூடவே கிடைத்துவிடுகிறது.

ஒரு சின்ன வில்லங்கம். பதிவு தொடங்கும் கணம் நம் ஃப்ரேம் எல்லையோடு ஒத்துப்போகாது. அரை ஃப்ரேம் தள்ளியிருந்தால் ஓட்டுகள் 1287, 1288 என்று இரண்டாகப் பிரிந்து இரண்டுமே சோனியாகத் தெரியும். பக்கத்து வித்தியாசங்களையும் கூட்டிக்கொண்டால் சரியாகிறது. "தெரியாது" என்று சொல்லும் எல்லையை, தொகுப்பில் இல்லாத பாட்டுகளைக் கொடுத்துப் பார்த்துத்தான் வைக்க வேண்டும். இங்கே அவை 5ஐத் தாண்டவில்லை, எல்லை 10.

இன்னும் தோற்கிற இடங்கள் உண்டு. பாட்டை 5 சதவீதம் வேகமாக ஓட்டினால் 100ஆம் கட்டத்துப் புள்ளி 105க்குப் போய்விடும். ஹாஷ் மொத்தமும் போச்சு. 1 சதவீதம் என்றால் தாழ்ந்த அதிர்வெண் ஜோடிகள் சில தப்பிக்கும், ஆனால் வித்தியாசம் 10 விநாடிக்குள் 2 ஃப்ரேம் நகரும். வரைந்து பார்த்தால் ஓட்டு கூராக நிற்காமல் சரிந்து கிடப்பது தெரியும். அதே பாடகர் கச்சேரியில் பாடியதும் பொருந்தாது. இந்த முறைக்குத் தெரிந்தது ராகமோ மெட்டோ அல்ல, அந்த ஒரு ஒலிப்பதிவு மட்டுமே. கரோக்கி டிராக் மட்டும் வேடிக்கை: வாத்தியம் அதே பதிவு என்பதால் அதற்கும் ஓட்டு குவியும், குரலின் புள்ளிகள்தான் அசலை முன்னே தள்ளுகின்றன.

போனில் பதிவு செய்யும்போது அழைப்புக்கான மைக் அமைப்பைப் பயன்படுத்தாதீர்கள். இரைச்சல் நீக்கும் வடிகட்டி பேச்சை மட்டும் வைத்துக்கொண்டு, பின்னணியில் கேட்கும் பாட்டையே இரைச்சலென்று அழித்துவிடும். ஆண்ட்ராய்டில், போன் அனுமதித்தால், `MediaRecorder.AudioSource.UNPROCESSED` பயன்படுத்தலாம். அடுத்து 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள கட்டங்களை வெட்டிவிட்டு ஓட்டிப் பார்க்கப் போகிறோம். பஸ் இன்ஜினின் புள்ளிகள் பெரும்பாலும் அங்கேதான் கூடுகின்றன.