கவசத்தைக் கழற்றினாலும் அதே அடி

கடைசித் தவணைப் பணம் ஒருவழியாக வந்துவிட்டது. அதனால் இப்போது நிம்மதியாக எழுதலாம். கொச்சியில் ஒரு சின்ன கம்பெனி, ஆர்பிஜி மேக்கர் எம்இசட்டில் ஒரு கேம் செய்துகொண்டிருந்தது. சண்டைக் கணக்கைச் சரிபண்ணிக் கொடுப்பது மட்டும் என் பொறுப்பு. கொழிஞ்சாம்பாறையில் வீட்டிலிருந்தே வேலை.

அவர்கள் வைத்திருந்தது மென்பொருளோடு வரும் வழக்கமான சூத்திரம். இதில் a அடிப்பவன், b அடி வாங்குபவன்:

```
a.atk * 4 - b.def * 2
```

முதல் சில லெவல்களில் இது நன்றாகவே ஓடும். லெவல் ஏற ஏறத்தான் வினை. அட்டாக் 100, எதிரியின் டிஃபென்ஸ் 180 என்றால் டேமேஜ் 40. பத்துப் புள்ளி கூடுதலாகத் தரும் ஒரு வாளை வாங்கினால் 80. பத்துப் புள்ளி குறைந்தால் சுத்தமாகப் பூஜ்யம். பெரிய எண்ணிலிருந்து பெரிய எண்ணைக் கழிக்கும்போது மிச்சம் இருப்பது சிறியது. அது கொஞ்சம் அசைந்தாலும் ஆட்டமே மாறிவிடும். டிஃபென்ஸ் அட்டாக்கைப் போல இரண்டு மடங்கை நெருங்கும் இடமெல்லாம் இந்தக் கதைதான்.

கம்பெனிக்கும் இது தெரிந்திருந்தது. மாற்றுச் சூத்திரத்தை அவர்களே ஒரு ஷீட்டில் போட்டு அனுப்பினார்கள்: அட்டாக்கின் வர்க்கத்தை, அட்டாக்கும் டிஃபென்ஸும் சேர்ந்த தொகையால் வகுப்பது. நல்ல சூத்திரம், குறை சொல்ல மாட்டேன். இரண்டும் சமமானால் அட்டாக்கில் பாதி டேமேஜ். ஆடுகிறவன் மனக்கணக்காகவே போடலாம். 20-க்கு 20 என்றால் 10, 200-க்கு 200 என்றால் 100. எதிரியின் உயிரையும் 40-இலிருந்து 400-க்கு ஏற்றினால் இரண்டு லெவலிலும் நாலு அடியில் விழுவான். மேலே சொன்ன 100-க்கு 180-இல் டேமேஜ் சுமார் 36. அதே வாளை வாங்கினால் சுமார் 42, பத்து குறைந்தால் 30.

ஆனால் கேமில் போட்டிருந்தது இது:

```
a.atk ^ 2 / (a.atk + b.def)
```

'பேலன்ஸ் சரியில்லை' என்று டெமோ திரும்பத் திரும்ப என்னிடம் வந்தது. எதிரியின் டிஃபென்ஸை எவ்வளவு ஏற்றினாலும் பலனில்லை. போனில் கேட்டால் மேனேஜர், "ஷீட்டில் கரெக்டாணல்லோ" என்பதோடு சரி. பாலக்காட்டில் ரயில் பிடித்து நேரில் போனால், ஷீட் எழுதியவர் வேலையை விட்டுப் போயிருந்தார். ஒரு டீ கொடுத்து அனுப்பினார்கள்.

கடைசியில் கண்டுபிடித்தது அக்கா பையன்தான். ஆடிக்கொண்டிருந்தவன், "மாமா, கவசம் போட்டாலும் கழற்றினாலும் ஒரே அடிதான் விழுது" என்றான். வழக்கமான 20 சதவீத ஏற்ற இறக்கம் இருந்ததால் டேமேஜ் 80-க்கும் 120-க்கும் நடுவே மாறிக்கொண்டே இருந்தது. அதனால்தான் யார் கண்ணிலும் படவில்லை. அந்த வேரியன்ஸைப் பூஜ்யமாக்கினேன். அட்டாக் 100, ஒவ்வொரு அடியும் மிகச் சரியாக 100. டிஃபென்ஸ் கணக்கிலேயே இல்லை.

காரணம் சூத்திரத்தில் இருந்த ^ என்ற அந்தக் கூரைக் குறி. ஷீட்டில் அது வர்க்கம். கேமில் ஓடுவது ஜாவாஸ்கிரிப்ட். அங்கே அது பிட்டுகளை ஒப்பிடும் எக்ஸார். அதுவும் வகுத்தல் முடிந்த பிறகுதான் நடக்கும். 2-ஐ 280-ஆல் வகுத்தால் வரும் சிறு பின்னம் பூஜ்யமாக வெட்டப்படும். 100-ஐயும் 0-ஐயும் எக்ஸார் செய்தால் 100. பிழைச் செய்தி எதுவும் வராது. சரியான வரி:

```
a.atk * a.atk / (a.atk + b.def)
```

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சூத்திரத்தில் எழுத்துப் பிழை இருந்தால் இந்த மென்பொருள் நிற்காது, டேமேஜைப் பூஜ்யம் என்று காட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். ஆகவே பூஜ்யம் கண்டதும் எதிரி பலசாலி என்று முடிவு கட்டாதீர்கள். டிஃபென்ஸே இல்லாத ஒரு பொம்மை எதிரியை வைத்து, வேரியன்ஸ் இல்லாமல் ஓர் அடி அடித்துப் பாருங்கள். அட்டாக் எவ்வளவோ அவ்வளவு விழ வேண்டும். அதன்பிறகு டிஃபென்ஸை அட்டாக்குக்குச் சமமாக வையுங்கள். பாதியாகக் குறைய வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் தப்பு சூத்திரத்தில்தான், பேலன்ஸில் இல்லை.

வரியை மாற்றி அனுப்பியதும் மேனேஜர் 'ஓக்கே' என்று ஒற்றை வார்த்தையில் பதில் போட்டார். ஷீட்டைப் பற்றி மூச்சே இல்லை.

இப்போது மிச்சமிருப்பது ஸ்கில் விவகாரம். 'இரட்டை அடி' ஸ்கில்லுக்கு அட்டாக்கையே இரட்டிப்பாக்கச் சொல்கிறார்கள். அப்படிச் செய்தால் 36 அடித்தவன் 105 அடிப்பான், கிட்டத்தட்ட மூன்று மடங்கு. இரட்டிப்பைச் சூத்திரத்துக்கு வெளியே வைத்தால்தான் சுமார் 71, பெயருக்கேற்ற இரட்டை அடி. இந்த முறை இரண்டு எண்ணையும் மெயிலில் எழுதி, எழுத்தில் ஒப்புதல் கேட்டிருக்கிறேன்.