ஒரே வீடியோவுக்கு மூன்று ஹூக்: மூன்றாவது செக்கனில் தீர்ப்பு எழுதாதீர்கள்

கொழும்பில் கடைகளுக்கு ரீல்ஸ் செய்து கொடுக்கும் வேலையில், பார்ப்பவரைப் பிடித்து நிறுத்த வேண்டிய முதல் மூன்று செக்கனை, அதாவது ஹூக்கைப் பற்றிய வாக்குவாதம் எடிட்டிங்கை விட அதிக நேரத்தைத் தின்றுவிடும். கடைக்காரர் பெயர்ப்பலகையில் தொடங்கச் சொல்வார், எடிட்டர் கேள்வியில் தொடங்கச் சொல்வார். இரண்டையும் போட்டுப் பார்க்கலாம் என்பதுதான் வழக்கமான சமாதானம். போட்டுப் பார்க்கும் முறை பிழைத்தால் வருகிற விடையும் பிழைதான். அது வாக்குவாதத்தை விட ஆபத்து, ஏனென்றால் அதற்குப் பிறகு எல்லோரிடமும் ஓர் இலக்கம் இருக்கும்.

கொள்ளுப்பிட்டி லிபர்ட்டி பிளாசாவில் இருப்பது போன்ற ஒரு போன் திருத்தும் கடையை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். தண்ணீரில் விழுந்த போனை என்ன செய்வது என்று நாற்பது செக்கன் வீடியோ. ஓஃப் பண்ணு, சார்ஜரில் குத்தாதே, அரிசிக்குள் புதைக்காதே, காற்றுப்படும் இடத்தில் வை, பிறகு கடைக்குக் கொண்டுவா. அரிசித் துகள்கள் போனுக்குக் கேடு செய்யலாம் என்று அப்பிள் நிறுவனமே சொல்லியிருப்பதால் விஷயத்திலும் பலம் இருக்கிறது. இதற்கு மூன்று ஹூக்:

A: கடைக்காரர் கெமராவைப் பார்த்து, "போன் தண்ணிக்குள்ள விழுந்தா முதல்ல என்ன செய்வீங்க?"

B: அரிசி டப்பாவிலிருந்து போனை இழுத்து எடுக்கும் கை, "இதை மட்டும் செஞ்சிராதீங்க."

C: மைக்ரோஸ்கோப்பில் பச்சை பூத்த சார்ஜிங் போர்ட், "தண்ணி போன போன் உள்ளுக்குள்ள இப்படித்தான் இருக்கும்."

மூன்று ஹூக்கும் சரியாக மூன்று செக்கன் நீளமாக இருக்க வேண்டும். ஒன்று இரண்டு செக்கன், இன்னொன்று ஐந்து செக்கன் என்றால் பத்தாவது செக்கனில் ஒவ்வொரு வடிவத்திலும் வீடியோவின் வேறு வேறு இடம் ஓடிக்கொண்டிருக்கும், ஒப்பிட முடியாது. ஒரே நாளில், ஒரே சேர்ட்டில், ஒரே வெளிச்சத்தில் எடுப்பதும் இதற்காகத்தான். ஹூக்கும் மீதி வீடியோவும் சேரும் ஒட்டு தெரிந்தால் ஆட்கள் அந்த இடத்தில் விலகுவார்கள், பழி ஹூக்கின் மேல் விழும். திரை எழுத்து மூன்றிலும் ஒரே அளவில், ஒரே இடத்தில் இருக்கட்டும். பஸ்ஸில் சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பார்ப்பவருக்கு அந்த எழுத்துத்தான் ஹூக். அதைத் திரையின் அடியில் வைத்தால் கெப்ஷன் மூடிவிடும்.

அடுத்தது ஏற்றும் முறை. காசு போடாமல் சோதிக்க இன்ஸ்டகிராமின் ட்ரையல் ரீல் உதவும். அது முதலில் நம்மைப் பின்தொடராதவர்களுக்கே போகிறது, கடைக்காரரின் மச்சான்மார் போடும் லைக் கணக்கில் சேராது. சிறிது காசு இருந்தால் மெட்டா விளம்பரத்தின் A/B டெஸ்ட் இன்னும் சுத்தம், ஒருவருக்கு ஒரு வடிவம் மட்டுமே காட்டப்படும். மூன்றையும் ஒரே விளம்பரத் தொகுதிக்குள் சும்மா போட்டுவிட்டால் அது சோதனை ஆகாது. சிஸ்டம் ஆரம்பத்திலேயே ஒன்றைப் பிடித்துக்கொண்டு பெரும்பகுதிக் காசை அதற்கே செலவழித்துவிடும். மற்ற இரண்டும் தோற்கவில்லை, ஓடவே இல்லை.

இனி அட்டவணை. கூகுள் ஷீட்டில் ஒரு வடிவத்துக்கு ஒரு வரி. ஹூக்கின் முழு வாக்கியத்தையும் முதல் பிரேமில் என்ன தெரிகிறது என்பதையும் எழுத வேண்டும். "கேள்வி ஹூக்" என்று மட்டும் எழுதி வைத்தால் ஆறு மாதம் கழித்து அது எந்தக் கேள்வி என்று எவருக்கும் தெரியாது. எது வெல்லும் என்ற ஊகத்தையும் ஏற்றுவதற்கு முன்பே எழுதிவிட வேண்டும். முடிவு வந்தபின் எல்லோருக்கும் முன்னமே தெரிந்திருந்தது போலத்தான் தோன்றும். இலக்கங்களை ஒவ்வொன்றிலும் ஏற்றி 72 மணித்தியாலம் ஆனதும் குறித்தால் போதும். காலையில் ஏற்றியதை மறுநாளும் மாலையில் ஏற்றியதை மூன்றாம் நாளும் பார்த்து எழுதினால் ஒப்பீடு கெட்டுவிடும்.

நம் உதாரணத்தில் ஒவ்வொன்றும் 600 தடவை பார்க்கப்பட்டதாக வைத்துக்கொள்வோம். மூன்றாவது செக்கனைத் தாண்டியவர்கள் A 48%, B 58%, C 66%. இந்த இடத்தில் நிறுத்தினால் C-க்கு மாலை போட்டுவிடலாம். பத்தாவது செக்கனைப் பார்த்தால் A 30%, B 37%, C 31%. மூன்றைத் தாண்டியவர்களில் எத்தனை பேர் பத்து வரை வந்தார்கள் என்று வகுத்துப் பார்த்தால் A-யில் 63%, B-யில் 64%, C-யில் 47% மட்டுமே. C ஆட்களை நிறுத்திவைத்து, உடனேயே பாதிப் பேருக்கு மேல் இழந்துவிட்டது.

காரணம், ஒவ்வொரு செக்கனிலும் எத்தனை பேர் மிஞ்சினார்கள் என்று காட்டும் கிராப்பில் இருக்கும். நான்காவது, ஐந்தாவது செக்கனில் கோடு செங்குத்தாக இறங்கியிருந்தால் கோளாறு ஒட்டில். பச்சை பூத்த போர்ட்டைக் கண்டவர் அதைச் சுத்தம் செய்வதைப் பார்க்கக் காத்திருக்கிறார். வீடியோவோ "முதல்ல போனை ஓஃப் பண்ணுங்க" என்று தொடங்குகிறது. B-யில் அந்தச் சிக்கல் இல்லை. "இதைச் செய்யாதே" என்றபின் "இதைச் செய்" என்று வருவது இயல்பான தொடர்ச்சி. அந்த மைக்ரோஸ்கோப் காட்சியை வீச வேண்டியதில்லை. B-யில் தொடங்கி, "சார்ஜரில் குத்தாதே" என்று சொல்லும் இடத்தில் அதை வைத்தால் அங்கே அதற்கு வேலை இருக்கிறது. அடுத்த சோதனை அதுதான். இதில் ஓர் எல்லையும் உண்டு. மூன்று ஹூக்கிலும் காட்சியும் வசனமும் சேர்ந்தே மாறியிருப்பதால் எது வென்றது என்று தெரியும், அரிசி டப்பாவா வசனமா வென்றது என்று தெரியாது. அதை அறிய அதே டப்பாக் காட்சிக்கு வேறு வசனம் போட்டு இன்னொரு சுற்று ஓட்ட வேண்டும்.

600 என்பதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். ஏறக்குறைய பாதிப் பேர் தாண்டி, பாதிப் பேர் விலகும் அளவீட்டில் இரண்டு வடிவங்களுக்கு நடுவே ஏறக்குறைய 6 புள்ளி வித்தியாசம் தற்செயலாகவே வரலாம். 100 பார்வையில் அது 14 புள்ளி வரை போகும். A 48, B 58 என்பது 600-இல் செல்லும், 100-இல் வெறும் அதிர்ஷ்டமாக இருக்கலாம். பலர் 100 பார்வையிலேயே "மக்களுக்குக் கேள்வி பிடிக்காது" என்று சட்டம் போட்டுவிடுகிறார்கள். வித்தியாசம் சிறிதாக இருந்தால் "சமம்" என்று எழுதுவதில் வெட்கம் இல்லை.

தமிழில் செய்யும் கொழும்புக் கடைகளுக்கு இன்னொரு பொறி, பார்வையாளர் எந்த நாடு என்பது. தமிழ் வீடியோவை சிஸ்டம் சென்னைக்கும் மதுரைக்கும் டொரண்டோவுக்கும் கொண்டுபோகும். B-யின் பார்வையில் பெரும்பகுதி தமிழ்நாடு, A-யின் பெரும்பகுதி இலங்கை என்றால் ஹூக்கை ஒப்பிடவில்லை, இரண்டு சனத்தை ஒப்பிட்டிருக்கிறோம். மதுரைக்காரர் போன் திருத்தக் கொள்ளுப்பிட்டிக்கு வரப்போவதில்லை. ஆகவே அட்டவணையில் இலங்கைப் பங்கு எத்தனை சதவீதம் என்ற கட்டம் கட்டாயம். வடிவங்களுக்கிடையே அது பெரிதாக வேறுபட்டால் அந்தச் சுற்றை ஒதுக்கிவிட்டு, இலங்கைக்கு மட்டும் என்று குறித்த சிறு விளம்பரமாக மறுபடி ஓட்டுவது நல்லது. போயா நாளில் ஒன்றையும் வேலைநாளில் மற்றதையும் ஏற்றுவதும் இதே வகைக் குளறுபடி.

கடைசிக் கட்டம் வாட்ஸ்அப் விசாரணைகளுக்கு. வடிவத்துக்கு ஒரு சொல்லை வைத்து, "DRY A", "DRY B" என்று அனுப்பச் சொன்னால் எது எங்கிருந்து வந்தது என்று கடைப் பொடியன் கேட்காமலே எண்ணிவிடலாம். அந்தச் சொல்லை வீடியோவின் கடைசிச் செக்கன்களில் திரை எழுத்தாக மட்டும் மாற்ற வேண்டும், குரலைத் தொடக் கூடாது. எண்ணிக்கை ஐந்து, ஏழு என்றுதான் வரும். அதை வைத்து ஒரே சுற்றில் வெற்றியாளரை அறிவிக்க முடியாது, பல வீடியோக்களின் B வகை வரிகளை ஒன்றாக வடிகட்டிக் கூட்டும்போதுதான் அது உதவும்.